ஐந்து தட்டு இடைவெளி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை என் தங்கையின் பேத்தி ஒரு பெரிய துணிப்பையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். பையில் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு. பாகூர் ஏரிப் பாசனத்தைப் பற்றி ஐந்து ஆண்டு உழைத்து எழுதியது. திங்கட்கிழமை பைண்டிங்குக்குக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"தாத்தா, உள்ளே எழுதினதெல்லாம் கைடு பார்த்துட்டார். நீங்க அளவு மட்டும் பாருங்க. செக்ஷன்ல ஸ்கேல் வச்சுப் பார்க்குறாங்களாம்" என்றாள்.

கூடவே இரண்டு பக்க விதித்தாளையும் நீட்டினாள். இடது விளிம்பு 40 மில்லிமீட்டர், மற்ற மூன்று பக்கமும் 25. எழுத்து 12 புள்ளி. வரி இடைவெளி ஒன்றரை. பிறகு முகப்புப் பக்கத்தில் எது முதலில், எது பிறகு என்று வரிசை.

பிள்ளைகள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஐந்து வருட உழைப்பை அடிக்கோல் வைத்து அளப்பதா என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் 1976இல் நடந்த ஒரு காரியம். அதைச் சொல்லும் முன் விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் தலைமுறையில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு விளிம்பு என்பது நோட்டுப் புத்தகத்தின் சிவப்புக் கோடு. அந்தக் 'கயே'யை நினைவிருக்கிறதா? எட்டு மில்லிமீட்டர் கட்டங்கள், அவற்றுக்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு போட்ட முறைக்கு 'செய்யேஸ்' என்று பெயர். பாரிசுக்கு அருகே போந்துவாஸ் என்ற ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த செய்யேஸ் என்பவர் 1892இல் அதைப் பதிவு செய்தார். சிவப்புக் கோட்டுக்கு இடப்புறம் நாங்கள் எழுதக்கூடாது. அது வாத்தியார் இடம். பிழைக் குறியும் மதிப்பெண்ணும் அங்கேதான் விழும்.

அந்த நோட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சிவப்புக் கோடு எல்லாப் பக்கத்திலும் இடது பக்கமே இருக்கும். தாளின் முன்புறம் அது தையலை ஒட்டி வரும், பின்புறம் வெளி ஓரத்தில் வரும். தையலுக்கும் அந்த விளிம்புக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு அரசாங்க வேலைக்கு வந்தேன். அங்கே விளிம்பு 'டேக்'குக்கு உரியது. கோப்பில் தாளைக் கோக்கத் துளை போட வேண்டும், அந்தத் துளையில் எழுத்து சிக்கக்கூடாது. ஒரு அங்குலம் விட்டால் போதும். டேக் போட்ட கோப்பு முழுதாக விரியும். எத்தனை தாள் இருந்தாலும் புரட்டிப் படித்துவிடலாம்.

இந்த இரண்டு விளிம்பும் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது ஒன்று இருப்பது தெரியாது. அது தையல் ஊசிக்கு உரிய விளிம்பு.

1976இல் என் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், பொருளாதாரத்தில் ஆய்வேடு எழுதி முடித்தார். தட்டச்சுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. நான் ஹையர் தேறியவன். "நான் அடிச்சுத் தர்றேன் அண்ணா" என்று ஏற்றுக்கொண்டேன். தெரிந்தவர் வீட்டில் இருந்த பழைய ரெமிங்டனில், இரவு நேரத்தில், நான்கு கார்பன் வைத்து ஐந்து படி. மொத்தம் 284 பக்கம்.

ரெமிங்டனில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. விளிம்பு நிறுத்தியைப் பத்தாவது எழுத்தில் வைத்தால் ஓர் அங்குலம். அலுவலகத்தில் கை பழகிய இடம் அதுதான், அங்கேயே வைத்தேன். எட்டரை அங்குல அகலத் தாளில் வலது பக்கமும் ஓர் அங்குலம் போக, வரிக்கு 65 எழுத்து வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. விதித்தாளில் இடது விளிம்பு ஒன்றரை அங்குலம் என்று இருந்தது. அண்ணன் அதை என்னிடம் கொடுத்திருந்தார். நான் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். விளிம்பு போடத் தெரியாதா எனக்கு என்ற எண்ணம்.

பைண்டர் ஐந்து படியையும் தைத்து, கருநீலக் காலிகோ அட்டை போட்டுக் கொடுத்தார். வாங்கி விரித்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தும் மடிப்புக்குள் போய்விட்டன. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் தெரியும், விட்டால் மறையும்.

ஏன் அப்படி ஆயிற்று என்று பைண்டரே விளக்கினார். புத்தக அச்சில் தாள்களை மடித்து, மடிப்பின் நடுவில் தைப்பார்கள். அது நன்றாக விரியும். தட்டச்சுத் தாள் தனித்தனி ஒற்றைத் தாள். அதற்கு மடிப்பு கிடையாது. எல்லாவற்றையும் அடுக்கி, ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே துளை போட்டு, மேலிருந்து கீழாகக் குத்தித் தைக்க வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டர் அப்போதே போய்விட்டது. தைத்த இடத்தில் தாள் நிமிர்ந்து வளைவதால் இன்னும் அரை சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. கட்டு தடிக்கத் தடிக்க அது கூடும். ஆக ஒன்றரை சென்டிமீட்டர் தையலுக்குப் பலி. நாற்பது மில்லிமீட்டர் விட்டிருந்தால் இருபத்தைந்து மிஞ்சும். வலது பக்க விளிம்பும் அதே அளவு, கண்ணுக்குப் பக்கம் சமமாக இருக்கும். நான் விட்டதோ இருபத்தைந்து. மிஞ்சியது பத்து, அதுவும் வளைவுக்குள். கார்பன் வைத்து ஐந்து தாளைச் சேர்த்து உருளையில் ஏற்றும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும் அல்லவா, சில படிகளில் அந்தப் பத்தும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படிக்க முடியாத ஏட்டைத் தேர்வாளருக்கு எப்படி அனுப்புவார்கள்?

பைண்டர் ஒரு வழி சொன்னார். தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளின் இடது ஓரத்திலும் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி நீட்டலாம், பிறகு பட்டையில் தைக்கலாம். ஒரு படியில் செய்து பார்த்தோம். 284 தாளிலும் பட்டையும் பசையும் சேர்ந்ததில் முதுகுப் பக்கம் மட்டும் உப்பி, புத்தகம் ஆப்பு மாதிரி ஆகிவிட்டது. மூடினால் மூடவில்லை.

வேறு வழியில்லை. நிறுத்தியைப் பதினைந்தில் வைத்து, முதலிலிருந்து அடித்தேன். வரிக்கு 65க்குப் பதில் 60 எழுத்து. பக்கம் எல்லாம் மாறியது, 284 பக்கம் 308 ஆயிற்று. பொருளடக்கமும் அட்டவணைப் பட்டியலும் புதிதாக. அது முடிவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டி ஒப்படைத்தார். அந்த இடைவெளியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது. ஆய்வேடு ஒப்படைத்த சான்று கேட்டார்கள். இவரிடம் இல்லை. வேலை இன்னொருவருக்குப் போயிற்று. அண்ணன் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்துக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் ஐந்து தட்டு.

அதற்குப் பிறகுதான் இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சு தெரிந்ததால் ஒரு சுவையான சட்டம் கண்ணில் பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1798 நவம்பரில் வந்த முத்திரைத்தாள் சட்டம். தாளின் அளவைப் பொறுத்து வரி. அதனால் எந்தத் தாள் எத்தனை நீளம், எத்தனை அகலம் என்று பட்டியல் போட்டார்கள். அதில் 'நடுத்தரத் தாள்' என்பதன் அளவு, விரித்த நிலையில், 0.2973க்கு 0.4204 மீட்டர். இன்று நாம் ஏ3 என்று கடையில் கேட்டு வாங்குவது அதே தாள். அதை இரண்டாக மடித்தால் ஒரு பக்கம் ஏ4. ஜெர்மானியர்கள் 1922இல் ஏ வரிசை அளவுகளைத் தரமாக்கினார்கள். 1975இல் அது உலகத் தரம் ஆனது. ஆனால் அந்தத் தாள் அதற்கு முன்பே பிரான்சின் முத்திரைத்தாள் பட்டியலில் இருந்திருக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. அந்த நடுத்தரத் தாளில் நகல் எழுதும்போது ஒரு பக்கத்துக்கு 25 வரிக்கு மேல் எழுதக்கூடாது. ஏன்? நெருக்கி எழுதினால் தாள் குறையும், தாள் குறைந்தால் வரி வருமானம் குறையும். வரி இடைவெளிக்கு அரசாங்கம் விதி போட்டது கஜானாவுக்காக. ஆய்வேட்டில் இடைவெளி விடச் சொல்வது தேர்வாளரின் கண்ணுக்காகவும் பென்சிலுக்காகவும். காரணம் வேறு. ஆனால் இன்று கணினியில் ஏ4 தாளில் மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் விட்டு, ஆங்கில எழுத்தில் இரட்டை இடைவெளி வைத்து எண்ணிப் பாருங்கள், 25 வரிதான் வரும்.

பிரான்சில் 19ஆம் நூற்றாண்டு ஆய்வேடுகளை அச்சடித்தே கொடுத்தார்கள். இலக்கியப் பிரிவில் 1903 வரை லத்தீனில் துணை ஆய்வேடு ஒன்றும் எழுத வேண்டும். அச்சகத்தார் தொழில் தெரிந்தவர்கள், விளிம்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் எண் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டச்சுப் படியையே ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் என்னைப் போன்றவர்கள் கைக்கு வேலை வந்தது, எண்ணும் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1972இல் ஆய்வேடுகளுக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டார்கள், பி.எஸ். 4821 என்று பெயர். பைண்டிங் பக்கம் 40 மில்லிமீட்டர் என்பது அங்கத்திய பல்கலைக்கழக விதிகளில் பரவலாக நிலைத்தது. பிரான்சில் 1983இலும், உலக அளவில் 1986இலும் இதே பொருளில் தரநிலைகள் வந்தன. ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். முழுமையாக்கி 40.

இப்போது பேத்தியின் ஆய்வேட்டுக்கு வருகிறேன்.

முதலில் விளிம்பை அளக்கவில்லை, எழுத்துப் பகுதியின் அகலத்தை அளந்தேன். தாளின் அகலம் 210. இடது 40, வலது 25 போனால் எழுத்து 145 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தாள் அச்சு இயந்திரத்தில் கொஞ்சம் நகர்ந்தால் விளிம்பு மாறும், எழுத்தின் அகலம் மாறாது. அதனால் அகலம்தான் பொய் சொல்லாத அளவு. அடிக்கோல் 136 காட்டியது. பத்துப் பக்கத்தில் பார்த்தேன், எல்லாம் 136தான்.

"கணினியில் 40தான் தாத்தா வச்சிருக்கேன்" என்றாள். உண்மைதான். கடையில் அச்சு எடுத்தபோது இயந்திரத்தில் தாள் அளவு Letter என்று இருந்திருக்கிறது, Fit to page என்பதும் தேர்வாகியிருக்கிறது. அமெரிக்கத் தாள் ஏ4ஐவிட உயரம் குறைவு. அதில் அடங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நூற்றுக்கு 94 ஆகச் சுருக்கிவிட்டது. 145இல் 94 பங்கு 136. விளிம்பை மட்டும் அளந்திருந்தால் 40க்கு மேலேயே இருந்ததால் சரி என்று விட்டிருப்பேன். ஆனால் 12 புள்ளி எழுத்தும் 11 சொச்சமாகச் சுருங்கியிருந்தது, அதுதான் விதிமீறல். ஏ4 தேர்ந்து, Actual size வைத்து மறுபடி எடுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது வரி இடைவெளி. மூன்றாம் இயல் மட்டும் மற்றவற்றைவிட நெருக்கமாக இருந்தது. பக்கம் கூடுகிறதே என்று அங்கே மட்டும் இடைவெளியை Exactly என்று வைத்து 18 புள்ளி கொடுத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் இது நெருக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். தமிழில் ஆபத்து. நம் எழுத்துக்குத் தலைக்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும் உண்டு. வரிக்கு இடம் போதாவிட்டால் கணினி மேற்பகுதியை வெட்டிவிடும். வெட்டியும் இருந்தது. சில வரிகளில் 'பாகூர்' என்பது 'பாகூர' என்று நின்றது. நெருக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், புள்ளி போன இடத்தைத் தேடினால் உடனே தெரியும். 1.5 lines என்று மாற்றினால் எழுத்தின் உயரத்துக்கேற்ப அதுவே இடம் விடும். பக்கத்துக்கு ஆங்கிலத்தைவிட வரி குறையும், அது தவறில்லை.

பிறகு அகலமான அட்டவணைகள். ஏரியின் நீர்மட்டப் பதிவுகள் நான்கு பக்கம், தாளைப் படுக்க வைத்து அச்சிட்டவை. இவற்றில் அட்டவணையின் தலைப்பக்கம் தையல் ஓரத்தில் வரவேண்டும், 40 மில்லிமீட்டரும் அங்கேதான். புத்தகத்தைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் அட்டவணை நேராக நிற்க வேண்டும். அவளுடையதில் தையல் பக்கம் 25தான் இருந்தது. தைத்திருந்தால் என் அண்ணனின் கதைதான்.

நல்லவேளை, அவளுக்குத் தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சு. சில பல்கலைக்கழகங்கள் இப்போது இரு பக்கமும் அச்சிடச் சொல்கின்றன. அப்போது பின்பக்கத்தில் தையல் வலது ஓரத்தில் வரும், 40ஐ அங்கே மாற்ற வேண்டும். Mirror margins என்று ஒரு தேர்வு அதற்குத்தான். நம் கயேயின் சிவப்புக் கோட்டைப் போல எல்லாப் பக்கத்திலும் இடதுபுறமே விட்டால் பாதி ஏடு மடிப்புக்குள் போகும்.

கடைசியாக முகப்பு. விதித்தாளின்படி மேலிருந்து கீழாக: ஆய்வேட்டின் தலைப்பு, இன்ன பட்டத்துக்காக இன்ன பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பெறும் ஆய்வேடு என்ற வாசகம், ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், துறை, பல்கலைக்கழகம், மாதமும் ஆண்டும். அவள் எங்கிருந்தோ எடுத்த மாதிரியில் நெறியாளர் பெயர் ஆய்வாளருக்கு மேலே இருந்தது. மரியாதைக்காக என்றாள். இது மரியாதை வரிசை இல்லை அம்மா, யார் எதற்குப் பொறுப்பு என்ற வரிசை என்றேன். பிரெஞ்சு ஆய்வேடுகளின் முகப்பில் தேர்வுக் குழுவினர் பெயரெல்லாம் கீழே வரிசையாக இருக்கும், ஏனென்றால் அங்கே அவர்கள் முன்னால் நின்று வாதாடுவது எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சி. இங்கே ஒப்படைக்கும்போது தேர்வாளர் யார் என்பது ரகசியம். அதனால் அந்த இடம் நம் முகப்பில் இல்லை.

குமாஸ்தா புத்தியால் இன்னொன்றும் செய்தேன். பதிவு உத்தரவைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த தலைப்பை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். உத்தரவில் "1881 முதல் 1954 வரை". முகப்பில் "1881–1954". நெறியாளர் சான்றிதழில் உத்தரவில் உள்ளபடி. பொருள் ஒன்றுதான். ஆனால் செக்ஷனில் உட்கார்ந்திருப்பவர் பொருளைப் பார்ப்பதில்லை, மூன்று தாளும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார். நானும் முப்பது வருடம் அதைத்தான் செய்தேன். உத்தரவில் உள்ளபடியே மாற்றச் சொன்னேன்.

ஞாயிறு முழுதும் திருத்தி, அன்றிரவே புதிதாக ஒரு பத்துப் பக்கம் அச்சு எடுத்து வந்தாள். 145 இருந்தது. பிறகுதான் மற்றதை எடுக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பைண்டிங் முடிந்தது. வியாழக்கிழமையே ஒப்படைத்துவிட்டாள். ஸ்கேல் வைத்துப் பார்த்தார்களாம், இரண்டு பக்கம்தான்.

போகும்போது, "இதெல்லாம் எப்படி தாத்தா தெரியும்?" என்று கேட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அண்ணனின் அந்தப் பட்டை ஒட்டிய படியை எடுத்துக் காட்டினேன். முதுகு உப்பியது உப்பியபடியே இருக்கிறது, இன்றும் மூடவில்லை. அவள் முதல் பக்கத்தை விரித்து, பட்டையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

உங்களில் அந்த நாளில் ஆய்வேடு தட்டச்சு செய்தவர்கள் இருப்பீர்கள். நிறுத்தியை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.